ஸ்டெல்த் விமானம் ரேடாருக்கு எப்படித் தப்புகிறது, எப்போது மாட்டிக்கொள்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இரவில் வந்து நிற்கும். 1999 மார்ச் 27. யூகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டு வீசத் தொடங்கி நான்காவது இரவு. செர்பியாவில், பெல்கிரேடுக்கு மேற்கே புஜானொவ்ட்ஸி என்ற கிராமத்தின் வயலில் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் ஒன்று விழுந்தது. அதை வீழ்த்தியது 1960களில் பயன்பாட்டுக்கு வந்த வகை சோவியத் ஏவுகணை. அந்த இரவைப் புரிந்துகொண்டால் ஸ்டெல்த், எதிரி ரேடாரைக் குழப்பும் ஜாமிங் இரண்டும் ஏறக்குறையப் புரிந்துவிடும். அதனால் பதில்களில் அடிக்கடி அங்கேயே திரும்பி வருகிறேன்.

ஸ்டெல்த் விமானம் ரேடாரில் தெரியவே தெரியாதாமே, உண்மையா?

இல்லை. தெரியும், ஆனால் மிகக் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

ரேடார் அனுப்பும் அலை விமானம் வரை போகும்போது பரவி வலுவிழக்கிறது. பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதே மாதிரி பரவி வலுவிழக்கிறது. இரண்டும் சேர்ந்து, தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கு ரேடாருக்கு எதிரானது. ஆனால் ஸ்டெல்த் வடிவமைப்பாளருக்கும் இது சுலபமாக வளைந்துகொடுப்பதில்லை. எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் ரேடாரின் கண்ணுக்கு எட்டும் தூரம் பாதியாகத்தான் குறைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை எதிரொலிப் பரப்பு என்ற அளவால் சொல்வார்கள். சாதாரணப் போர் விமானத்துக்கு 5 சதுர மீட்டர் என்றும், அதை ஒரு ரேடார் 200 கிலோமீட்டரில் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். எதிரொலிப் பரப்பை ஆயிரத்தில் ஒன்றாக, அதாவது ஏறக்குறைய ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுக்குக் குறைத்துவிட்டோம். அதே ரேடார் இப்போது சுமார் 36 கிலோமீட்டரில் பிடிக்கும். ஆயிரம் மடங்கு உழைப்புக்கு ஐந்தரை மடங்கு பலன்தான்.

ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அதை நேரமாக மாற்றிப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் 200 கிலோமீட்டரைக் கடக்க 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். 36 கிலோமீட்டரைக் கடக்க இரண்டரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் கண்டுபிடித்து, எதிரி என்று உறுதிசெய்து, ஏவுகணையை வழிநடத்தும் ரேடாரைத் திருப்பி, பூட்டிப் பிடித்து, ஏவ வேண்டும். ரேடார் குழுவிடமிருந்து ஸ்டெல்த் உண்மையில் திருடுவது இந்த நேரத்தைத்தான்.

வெறும் வடிவத்தை மாற்றினால் ஆயிரம் மடங்கு குறையுமா? நம்பும்படி இல்லையே.

நம்பலாம். 3 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட ரேடாருக்கு நேர் எதிரே ஒரு சதுர மீட்டர் தட்டையான உலோகத் தகட்டை நிறுத்துங்கள். அதன் எதிரொலிப் பரப்பு ஒரு சதுர மீட்டர் இல்லை, சுமார் 14,000 சதுர மீட்டர். முகம் பார்க்கும் கண்ணாடியில் டார்ச் அடித்ததுபோல மொத்த ஆற்றலும் ஒரே கற்றையாக ரேடாரை நோக்கித் திரும்புவதுதான் காரணம். இப்போது அந்தத் தகட்டை இருபது முப்பது டிகிரி சாய்த்துவிடுங்கள். கற்றை அப்படியே இருக்கும், ஆனால் வேறு எங்கோ போய்விடும். ரேடாருக்குத் திரும்புவது ஓரங்களிலிருந்து சிதறும் மிச்சம் மீதி மட்டுமே.

எஃப்-117-இன் உடல் வைரத்தைப் பட்டை தீட்டியதுபோல தட்டை முகங்களால் ஆனது. எந்த முகமும் எதிரே இருக்கும் ரேடாரை நேராகப் பார்க்காதபடி சாய்த்திருக்கிறார்கள். வால் ஆங்கில 'வி' எழுத்துப்போல விரிந்திருக்கும். செங்குத்து வாலும் கிடைமட்ட இறக்கையும் சரியாகச் செங்கோணத்தில் சந்தித்தால், அந்த மூலை பக்கவாட்டிலிருந்து வரும் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்புப் பிரதிபலிப்பான் வேலை செய்வதும் இதே முறையில்தான். ரேடாருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

அப்புறம் எஞ்சின். அதன் முன்னால் சுழலும் தகடுகள் பிரமாதமாக எதிரொலிக்கும். அதனால் காற்று நுழையும் வாயில்களை நெருக்கமான வலைச்சட்டத்தால் மூடினார்கள். காற்று போகும், ரேடார் அலை போகாது. சக்கரக் கதவு, குண்டு அறைக் கதவு ஆகியவற்றின் விளிம்புகளை ரம்பப் பல்போல வெட்டினார்கள். குண்டுகள் வெளியே தொங்காமல் வயிற்றுக்குள் போயின. இவ்வளவுக்கும் மேலேதான் ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சு. அந்தப் பூச்சுதான் ஸ்டெல்த் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும் வேலையைச் செய்வது வடிவம். பூச்சு மிச்சத்தைத் துடைக்கிறது.

இப்படிச் சாய்த்தால் திரும்பாது என்று யாருக்கு முதலில் தோன்றியது?

சாய்த்தால் திரும்பாது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். கடினம் எதுவென்றால், விளிம்புகளில் எவ்வளவு சிதறும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது. அந்தக் கணக்கை எழுதியவர் ப்யோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர். 1962இல் மாஸ்கோவில் வெளியிட்டார். சோவியத் அதிகாரிகள் அதில் இராணுவ ரகசியம் எதையும் பார்க்கவில்லை. அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்து வைத்தது. 1970களின் நடுவில், எஃப்-117ஐப் பின்னால் உருவாக்கிய லாக்ஹீட் நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்து, ஒரு வடிவத்தின் எதிரொலியைக் கணக்கிடும் கணினி நிரல் எழுதினார். அன்றைய கணினிகளால் வளைந்த பரப்புகளைச் சமாளிக்க முடியவில்லை. அதனால்தான் எஃப்-117 தட்டைத் துண்டுகளை ஒட்டவைத்ததுபோல இருக்கிறது. பின்னால் வந்த பி-2 ஸ்டெல்த் விமானம் வழவழவென்று வளைந்திருப்பதற்கு, கணிக்கும் திறன் வளர்ந்ததே முக்கியக் காரணம்.

எஃப்-117 1981இல் முதலில் பறந்தது. 1988இல்தான் அப்படி ஒன்று இருப்பதை அமெரிக்கா ஒப்புக்கொண்டது.

அவ்வளவு கச்சிதம் என்றால் செர்பியாவில் எப்படி மாட்டியது?

மேலே சொன்ன தகட்டுக் கணக்கை இன்னொரு முறை போட வேண்டும். இந்தத் தடவை 3 சென்டிமீட்டர் அலைக்குப் பதில் 2 மீட்டர் அலை.

தட்டிலிருந்து திரும்பும் கற்றை எவ்வளவு குறுகலாக இருக்கும் என்பது, அலைநீளத்தைவிடத் தட்டு எத்தனை மடங்கு பெரியது என்பதைப் பொறுத்தது. ஒரு மீட்டர் தட்டுக்கு 3 சென்டிமீட்டர் அலை என்றால் தட்டு முப்பது மடங்குக்கு மேல் பெரியது. கற்றை இரண்டு டிகிரிக்கும் குறைவு. கண்ணாடி மாதிரி வேலை செய்யும், சாய்த்தால் தப்பலாம். 2 மீட்டர் அலைக்கு அதே தட்டு அலையில் பாதிதான். அங்கே கண்ணாடி என்ற பேச்சே இல்லை. தட்டை எப்படிச் சாய்த்தாலும் அலை எல்லாப் பக்கமும் சிதறும். குளத்து அலை பெரிய படித்துறையில் மோதினால் ஒழுங்காகத் திரும்பும், நட்டுவைத்த ஒரு கழியில் பட்டால் நாலாபக்கமும் வளையமாகப் பரவும். அதுதான் இங்கேயும். போதாக்குறைக்கு, வால், இறக்கை முனை போன்ற உறுப்புகளின் அளவு அலைநீளத்தோடு ஒத்துப்போனால் அதிர்வு ஏற்பட்டு எதிரொலி இன்னும் கூடும். பூச்சும் உதவாது. மீட்டர் அலையை உறிஞ்ச அதற்கேற்ற தடிமன் வேண்டும், அதைச் சுமந்துகொண்டு விமானம் பறக்க முடியாது.

அன்று ஸோல்தான் டானி தலைமையிலான யூகோஸ்லாவிய ஏவுகணைக் குழுவிடம் இருந்த தேடல் ரேடாரின் பெயர் பி-18. அது மீட்டர் அலை ரேடார். அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர். பழைய வீட்டு மாடிகளில் இருந்த டிவி ஆன்டெனாக்களை வரிசையாகக் கட்டியதுபோல இருக்கும். பழசு என்று மேற்கே கைவிட்டுக்கொண்டிருந்த வகை. எஃப்-117-ஐ அது சுமார் 25 கிலோமீட்டரில் கண்டது.

அந்த ரேடாரை டானி ரகசியமாக மாற்றியமைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அவரே அதைக் கோடிகாட்டிப் பேசியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் மாற்றாமலேயே இது நடக்கக்கூடியது என்பதுதான் என் கருத்து. இயற்பியலே போதும்.

அப்படியென்றால் எல்லாரும் மீட்டர் அலை ரேடார் வைத்துவிட்டால் ஸ்டெல்த் செத்துப்போகுமே?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மீட்டர் அலை ரேடார் பார்க்கும், ஆனால் குறிபார்க்காது.

ரேடாரின் பார்வைக் கூர்மை, ஆன்டெனாவின் அகலத்தை அலைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது. 10 மீட்டர் அகல ஆன்டெனாவில் 2 மீட்டர் அலை அனுப்பினால் கற்றையின் அகலம் சுமார் 11 டிகிரி. 25 கிலோமீட்டர் தள்ளி அந்தக் கற்றை 5 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். விமானம் இதற்குள் எங்கோ இருக்கிறது. பி-18 போன்ற ரேடார் உயரத்தையும் சொல்லாது. ஓர் ஏவுகணைக்கு இந்தத் தகவல் போதாது. 3 சென்டிமீட்டர் அலையும் 2 மீட்டர் ஆன்டெனாவும் இருந்தால் அதே தூரத்தில் கற்றை 400 மீட்டருக்குள் அடங்கும். அதற்குள் இன்னும் நுணுக்கமாகக் குறிவைக்க வழிகள் உண்டு.

அதனால் ஏவுகணைப் பிரிவில் இரண்டு கண்கள் இருக்கும். "ஏதோ அந்தப் பக்கம் வருகிறது" என்று சொல்வது நீண்ட அலை ரேடார். ஏவுகணையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குறுகிய அலை ரேடார். எஃப்-117-இன் வடிவம் இரண்டாவது கண்ணை ஏமாற்றத்தான் செய்யப்பட்டது. அதை ஏமாற்றினால் போதும், ஏனென்றால் அடிப்பது அதுதான்.

டானியின் குழுவில் நடந்ததைப் பாருங்கள். அவர்களுடைய எஸ்-125 நேவா ஏவுகணையின் வழிநடத்தும் ரேடார் சென்டிமீட்டர் அலையில் வேலை செய்வது. (இந்திய விமானப்படை பெச்சோரா என்ற பெயரில் பல்லாண்டுகள் வைத்திருந்தது இதே குடும்பம்தான்.) பி-18 காட்டிய திசையில் அந்த ரேடாரைத் திருப்பிச் சில நொடிகள் இயக்கினார்கள். பிடிபடவில்லை. அணைத்தார்கள். மறுபடி இயக்கினார்கள். பிடிபடவில்லை. ஸ்டெல்த் வடிவம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை இயக்கியபோது விமானம் சுமார் 13 கிலோமீட்டரில் இருந்தது. அந்தத் தூரத்தில் வடிவத்தால் மறைக்க முடியவில்லை. இரண்டு ஏவுகணைகள் கிளம்பின. ஒன்று தாண்டிப் போனது, இன்னொன்று அருகில் வெடித்தது. விமானி டேல் ஸெல்கோ வெளியே குதித்தார். சில மணி நேரம் கழித்து அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வந்து அவரை மீட்டன.

ரேடாரை ஏன் சில நொடிகள் மட்டும் போட்டு அணைத்தார்கள்? தொடர்ந்து போட்டிருந்தால் முன்பே பிடித்திருக்கலாமே?

தொடர்ந்து போட்டிருந்தால் செத்திருப்பார்கள். ரேடார் என்பது இருட்டில் டார்ச் அடிப்பது. நாம் பார்ப்பதற்கு முன்பே நம்மைப் பார்த்துவிடுவார்கள். ரேடார் அலை வரும் திசையைப் பிடித்து அதன் ஆன்டெனாவிலேயே போய் விழும் ஏவுகணைகள் உண்டு. ஹார்ம் என்று பெயர். அந்தப் போரில் நேட்டோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் அவற்றை ஏவின.

டானியின் விதி எளிமையானது. வழிநடத்தும் ரேடார் ஒரு தடவைக்கு 20 நொடிக்கு மேல் எரியக் கூடாது. சுட்டாலும் சுடாவிட்டாலும் அதற்குள் அணை. பிறகு மொத்தப் படையையும் மூட்டைகட்டி வேறு இடத்துக்குப் போ. எஸ்-125 ஓடித் திரிவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. அதைக் கழற்றி ஏற்ற வழக்கமாகும் நேரத்தைப் பயிற்சியால் ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தார்கள். அந்த 78 நாள் போரில் அவர்கள் உயிர் பிழைத்ததற்கு இதுவே காரணம். அன்று மூன்றாவது தடவை ரேடாரை இயக்கியது அவர்களே வகுத்த எச்சரிக்கையை மீறிய செயல். அருகில் ரேடார் வேட்டை விமானங்கள் இல்லை என்ற தகவல் கையில் இருந்ததால் துணிந்ததாக டானி பின்னாளில் சொன்னார்.

மின்னணுப் போரின் ஒரு பாதி இதுதான். எதிரியின் ரேடாரை அழிக்கவே வேண்டாம், போடுவதற்குப் பயப்படவைத்தால் போதும்.

சரி, ஜாமிங் என்றால் ரேடாரை நிறுத்திவிடுவதா?

ரேடார் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதன் காதில் சத்தம் போடுகிறோம், அவ்வளவே.

எளிய முறை இரைச்சல். ரேடார் கேட்டுக்கொண்டிருக்கும் அதே அலைவரிசையில் வெறும் இரைச்சலை அனுப்பினால், எதிரொலி அதில் மூழ்கிவிடும். கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று போன் பேசுவதுபோல. ரேடார் திரையில் புள்ளிக்குப் பதில், நடுவிலிருந்து விளிம்பு வரை ஓர் ஆப்பு வடிவில் வெளிச்சம் பரவும். அனுபவமுள்ளவருக்கு அதைப் பார்த்ததுமே ஜாமிங் என்று தெரிந்துவிடும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும். தூரம் மட்டும் தெரியாது. வேறு வேறு இடத்தில் நிற்கும் இரண்டு ரேடார்கள் தங்கள் கோடுகளை வரைபடத்தில் போட்டால் அவை வெட்டும் இடத்தில் ஜாமர் மாட்டிக்கொள்ளும். ஜாமிங் அலையையே பிடித்துக்கொண்டு போகும் ஏவுகணைகளும் இருக்கின்றன. சத்தம் போடுகிறவன் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறான் என்பது ஜாமருக்கும் பொருந்தும்.

இன்னொரு முறை ஏமாற்று. இது இரைச்சலைவிடச் சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பூட்டிப் பிடித்த ரேடார், அடுத்த எதிரொலி எந்த நேரத்தில் வரும் என்று எதிர்பார்த்து, அந்தச் சின்ன நேர இடைவெளிக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்துவைக்கும். மற்ற நேரத்தில் வருவதை அது கவனிக்காது. விமானத்தில் இருக்கும் ஜாமர், வந்த துடிப்பைப் பதிவு செய்து, உண்மையான எதிரொலியோடு சேர்த்துக் கொஞ்சம் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. வாசல் பலமானதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஜாமர் தன் நகலை ஒவ்வொரு துடிப்பிலும் துளித் துளியாகத் தாமதப்படுத்துகிறது. ஒரு மைக்ரோ நொடித் தாமதம் என்றால் விமானம் 150 மீட்டர் தள்ளி இருப்பதாக ரேடாருக்குத் தோன்றும். வாசல் பொய்யின் பின்னாலேயே நகர்ந்துபோகும். நல்ல தூரம் இழுத்துப் போனதும் ஜாமர் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறது. வாசலில் இப்போது எதுவுமே இல்லை. ரேடார் முதலிலிருந்து தேட வேண்டும். அந்தச் சில நொடிகளில் ஏவுகணை வழிதவறும்.

ரேடார்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அலைவரிசையைத் துடிப்புக்குத் துடிப்பு மாற்றினால் ஜாமர் முன்கூட்டி ஊகிக்க முடியாது. பொய் நகல் உண்மைக்குப் பின்னால்தான் வர முடியும் என்பதால், இரண்டில் முன்னால் வருவதைப் பிடி என்று ரேடாருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பழைய எஸ்-125-இல் இன்னும் நாட்டுத்தனமான ஒரு வழி இருந்தது. தானியங்கி ஏமாந்தால் மனிதர்கள் திரையைப் பார்த்துக் கையால் சக்கரம் சுற்றிப் பின்தொடரலாம். பழகிய கண்ணை ஏமாற்றுவது சில சமயம் மின்சுற்றை ஏமாற்றுவதைவிடக் கடினம்.

ஸ்டெல்த்துக்கு ஜாமிங் எதற்கு? இரண்டில் ஒன்று போதாதா?

போதாது என்பதை அந்த இரவு காட்டியது. காரணத்தையும் கணக்காகவே சொல்லலாம்.

எதிரொலி போய்வர வேண்டும், ஜாமிங் ஒரு வழிப் பயணம்தான். அதனால் தூரத்தில் ஜாமருக்குச் சாதகம். நெருங்க நெருங்க எதிரொலி ஜாமிங்கைவிட வேகமாக வலுக்கும். ஏதோ ஒரு தூரத்தில் எதிரொலி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சாதாரண விமானத்துக்கு அந்தத் தூரம் 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். அதே ஜாமரை, எதிரொலி ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் விமானத்தில் வைத்தால் அந்தத் தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே போய்விடும். ஆயிரத்தின் இருமடி மூலம் 31 சொச்சம், அவ்வளவுதான் கணக்கு. ஸ்டெல்த் தனியாக ஐந்தரை மடங்கு தந்தது. ஜாமிங்கோடு சேர்ந்தால் முப்பது மடங்குக்கு மேல் தருகிறது.

நடைமுறையில் ஜாமரை ஸ்டெல்த் விமானத்துக்குள் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மறைந்து வருகிறவன் கத்திக்கொண்டு வரக் கூடாது. எஃப்-117 தன்னுடைய ரேடாரைக்கூடச் சுமக்கவில்லை. அதனால் சத்தம் போடும் வேலையை வேறு விமானம் செய்தது. அன்று அமெரிக்காவிடம் அதற்கு இருந்தது ஈஏ-6பி ப்ரௌலர். தள்ளி நின்று, குறிப்பாக மீட்டர் அலைத் தேடல் ரேடார்களைக் குருடாக்கும். வடிவத்தால் ஏமாற்ற முடியாத கண்ணை ஜாமிங் மூடும், ஜாமிங்கை மீறிப் பார்க்கும் கண்ணை வடிவம் ஏமாற்றும். சரியான ஜோடி.

மார்ச் 27 அன்று அந்த ஜோடி பிரிந்திருந்தது. ஸெல்கோவின் விமானத்துக்குத் தேவையான நேரத்தில் தேவையான இடத்தில் ப்ரௌலர் துணை இருக்கவில்லை என்றே பெரும்பாலான விவரிப்புகள் சொல்கின்றன. இதோடு, எஃப்-117கள் முந்தைய இரவுகளில் போன பாதையிலேயே போய்வந்தன. இத்தாலியின் அவியானோ தளத்தில் எப்போது எது கிளம்புகிறது என்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் தகவல் அனுப்பினார்கள். எங்கே, எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்த ரேடாருக்கு 20 நொடி போதும். தெரியாதவனுக்கு இரவு முழுவதும் போதாது.

குண்டு அறைக் கதவு திறந்திருந்ததால்தான் மாட்டியது என்கிறார்களே?

கதவு திறந்தால் எதிரொலி கூடும் என்பது உண்மை. உள்ளே இருப்பது மூலைகளும் கொக்கிகளும் நிறைந்த பெட்டி. ஆனால் திறந்திருப்பது சில நொடிகள்தான், பி-18 அதற்கு முன்பே பார்த்துவிட்டது. கதவை முழுக் காரணமாக்குவது, பாதையையும் துணையையும் திட்டமிட்டவர்களுக்கு வசதியான விளக்கம் என்று எனக்குத் தோன்றும்.

விமானத்திலிருந்து வெள்ளித்தாள் கொட்டுவார்களாமே, அது என்ன?

சாஃப் என்று பெயர். அலைநீளத்தில் பாதி நீளத்துக்கு வெட்டிய உலோகப் பூச்சு இழைகள். அந்த நீளத்தில் ஒவ்வோர் இழையும் ஒரு குட்டி ஆன்டெனாபோல எதிரொலிக்கும். ஆயிரக்கணக்கில் கொட்டினால் விமானத்தைவிடப் பெரிய மேகம் ரேடாரில் தெரியும்.

முதல் பெரிய பயன்பாடு 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது. ஜெர்மானியரின் வுர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் 53 சென்டிமீட்டர் சொச்சம். பிரிட்டிஷ் விமானங்கள் 27 சென்டிமீட்டர் கீற்றுகளைக் கட்டுக்கட்டாகத் தள்ளின. 791 குண்டுவீச்சு விமானங்களில் இழந்தது 12 மட்டுமே, அன்றைய கணக்கில் மிகக் குறைவு. கீழே இருந்த நகரம் அந்த வாரத்தில் எரிந்துபோனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாஃபின் பலவீனம், காற்றில் உடனே வேகமிழந்துவிடுவது. நகரும் பொருளை மட்டும் காட்டும் டாப்ளர் ரேடார் அதை ஒதுக்கிவிடும். அதனால் இப்போது கயிற்றில் கட்டி விமானத்துக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன ஜாமர்கள் வந்துவிட்டன. அவை விமானத்தின் வேகத்திலேயே வரும். ஏவுகணை அடித்தாலும் போவது கயிற்று நுனியில் இருப்பதுதான். 1999 போரிலேயே இவற்றைப் பயன்படுத்தினார்கள்.

வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைக்கு இதெல்லாம் பலிக்குமா?

பலிக்காது. அதற்கு ரேடார் தேவையே இல்லை, எஞ்சின் சூட்டைப் பார்த்து வரும். ஜாமிங், சாஃப் இரண்டும் வீண். தீச்சுடர் எறிவார்கள், அல்லது லேசரால் அதன் கண்ணைக் கூசவைப்பார்கள். எஃப்-117 தன் எஞ்சின் புகையைக் குளிர்ந்த காற்றோடு கலந்து, தட்டையான அகன்ற வாய் வழியாக விட்டது. எஞ்சின் புகையில் மேலும் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னரும் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒலியைவிட வேகமாகப் பறக்கவும் முடியவில்லை. ஸ்டெல்த்துக்குக் கொடுத்த விலைகளில் அதுவும் ஒன்று.

இன்றைய மீட்டர் அலை ரேடார்கள் குறிபார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டனவா?

முன்னேறியிருக்கின்றன. ஆன்டெனாவைப் பெரிதாக்கினார்கள், கற்றையை மின்னணு முறையில் திருப்புகிறார்கள், ரஷ்யாவின் நெபோ-எம் மாதிரி வெவ்வேறு அலைநீள ரேடார்களை ஒரே தொகுப்பாகப் பிணைக்கிறார்கள். ஆனால் கூர்மை வேண்டுமானால் பெரிய ஆன்டெனா வேண்டும் என்ற விதியை யாரும் மீறிவிடவில்லை. ஆன்டெனா பெரிதானால் மூட்டைகட்டி ஓடுவது கடினம், ஓடாவிட்டால் அடிபடும். மறுபக்கம், பி-2 மாதிரி வாலே இல்லாத பெரிய விமானங்களில் அலைநீளத்தோடு ஒத்துப்போய் அதிரும் சின்ன உறுப்புகள் குறைவு. நீண்ட அலைக்கும் அவை எஃப்-117 அளவுக்கு எளிய இரை இல்லை.

ஒன்றை வீழ்த்த முடிந்தவர்களால் மற்றவற்றை ஏன் வீழ்த்த முடியவில்லை?

மார்ச் 27க்குப் பிறகு பாதைகள் மாறின, துணை விமானங்கள் இல்லாமல் எஃப்-117ஐ அனுப்பவில்லை. டானியிடம் இருந்த சாதகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. 78 நாட்களில் நேட்டோ விமானங்கள் சுமார் 38,000 முறை பறந்தன. எதிரியின் சுடுதலில் இழந்த, விமானி ஓட்டிய விமானங்கள் இரண்டு மட்டுமே. இரண்டாவது மே 2 அன்று விழுந்த எஃப்-16. அது ஸ்டெல்த் விமானமே இல்லை. அதையும் வீழ்த்தியது டானியின் பிரிவுதான், அதே எஸ்-125ஐ வைத்து. அதன் விமானி டேவிட் கோல்ட்ஃபீனும் அன்றிரவே மீட்கப்பட்டார். பின்னாளில் அவர் அமெரிக்க விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

எஃப்-117-இன் கண்ணாடிக் கூண்டும் ஓர் இறக்கையும் இன்று பெல்கிரேடு விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.